முதலாம் வரிசைத் தாக்கமும் அந்த நேர்கோடும்: பேரொட்சைட்டை வைத்து வீத மாறிலி காணும் முழு வழி

இரசாயன இயக்கவியல் பாடத்தில் ln[A] எதிர் t வரைபு நேர்கோடாக வரும், அதன் படித்திறன் −k என்று எல்லோருக்கும் பாடமாகத் தெரியும். ஆனால் உண்மையான அளவீடுகளைக் கையில் கொடுத்து "இது முதலாம் வரிசைதானா, k எவ்வளவு?" என்று கேட்டால் பலருக்குக் கை நின்றுவிடுகிறது. அதனால் ஒரே ஒரு தாக்கத்தை எடுத்து, கரைசல் கலப்பதிலிருந்து வரைபுத்தாளில் படித்திறன் எடுப்பது வரை, அதற்குப் பிறகு அந்தக் கோட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது வரை, முழுதாகப் போய்ப் பார்ப்போம். நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் இதைச் செய்கிறவர்களுக்குக் குளிராலும் உயரத்தாலும் வருகிற விஷயங்கள் சில இருக்கின்றன, அவற்றையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

எடுத்துக்கொள்ளும் தாக்கம், ஐதரசன் பேரொட்சைட்டு நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிவது. பாமசியில் புண் கழுவ வாங்கும் அதே போத்தல்தான். தானாக மிக மெதுவாகப் பிரியும், இரும்பு(III) அயன் கொஞ்சம் சேர்த்தால் ஒரு பாடவேளைக்குள் பார்த்து முடிக்கிற வேகத்துக்கு வந்துவிடும். ஊக்கியான இரும்பு செலவாகிப் போகாது, கரைசலின் அமிலத்தன்மையும் பெரிதாக மாறாது, ஆகவே வேகத்தைத் தீர்மானிக்கிறவற்றில் மாறிக்கொண்டே இருப்பது பேரொட்சைட்டின் செறிவு ஒன்றுதான்.

முதலில் சமன்பாடு

முதலாம் வரிசை என்றால் பேரொட்சைட்டு குறையும் வேகம், அந்தக் கணத்தில் மீதியாக இருக்கும் பேரொட்சைட்டின் செறிவுக்கு நேர்விகிதம். மீதி பாதியானால் வேகமும் பாதி.

```
-d[A]/dt = k[A]
```

இதில் [A] இரண்டு பக்கமும் நிற்கிறது, அதுதான் சிக்கல். வேகத்தை நேரடியாக அளக்கிற கருவி எங்கள் கையில் இல்லை, எங்களால் அளக்கக்கூடியது இந்த நிமிடத்தில் எவ்வளவு மீதி என்பதை மட்டும்தான். ஆகவே வேகம் பற்றிய சமன்பாட்டை மீதி பற்றிய சமன்பாடாக மாற்ற வேண்டும். [A] சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் ஒரு பக்கமும் t சம்பந்தப்பட்டவற்றை மறுபக்கமும் தள்ளிவிட்டு, தொடக்கத்திலிருந்து t வரை தொகையிடுங்கள்.

```
d[A]/[A] = -k dt

ln[A] - ln[A]₀ = -kt

ln[A] = ln[A]₀ - kt
```

கடைசி வரி y = mx + c என்ற அதே வடிவம். y இடத்தில் ln[A], x இடத்தில் t, படித்திறன் −k, வெட்டுத்துண்டு ln[A]₀.

"சேர், வளைஞ்சு போற கோடு மடக்கை எடுத்தவுடனே எப்படி நேராகுது?" என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. மடக்கை விகிதங்களை வித்தியாசங்களாக மாற்றிவிடுகிறது. முதலாம் வரிசைத் தாக்கத்தில் ஒவ்வொரு ஐந்து நிமிடத்திலும் குறையும் அளவு வேறு வேறு, ஆனால் ஐந்து நிமிடத்துக்கு முன் இருந்ததில் எத்தனை பங்கு மீதி என்ற விகிதம் எப்போதும் ஒன்றே. விகிதம் ஒன்றாக இருந்தால் மடக்கையில் அது ஒரே அளவான இறக்கம், ஒரே அளவில் இறங்குவது நேர்கோடு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இனி வருகிற எல்லாமே இந்த "விகிதம் மட்டும்தான்" என்பதிலிருந்துதான் வருகின்றன.

போகிற போக்கில் ஒரு எச்சரிக்கை. தாக்கத்தை 2H₂O₂ → 2H₂O + O₂ என்று எழுதி, தாக்கத்தின் வீதத்தைப் பீசமானக் குணகத்தால் பிரித்து வரையறுத்தால் வீதம் −½ d[H₂O₂]/dt ஆகிவிடும். அப்போது வீதம் = k[H₂O₂] என்று எழுதினால் கோட்டின் படித்திறன் −2k, அரைவாழ்வுக் காலமும் 0.693/2k. இரண்டு வரையறையும் சரிதான், ஆனால் எதை எடுத்திருக்கிறீர்கள் என்று எழுதாவிட்டால் விடை இருமடங்கால் பிழைத்துப்போகும். இந்தக் கட்டுரை முழுக்க நான் எடுப்பது மேலே எழுதிய −d[A]/dt = k[A].

செறிவையே கணிக்கத் தேவையில்லை

பேரொட்சைட்டின் மீதியை அளப்பது பொற்றாசியம் பரமங்கனேற்றால் நியமித்து.

```
2MnO₄⁻ + 5H₂O₂ + 6H⁺ → 2Mn²⁺ + 5O₂ + 8H₂O
```

ஒவ்வொரு முறையும் ஒரே கனவளவு மாதிரியை எடுத்து, ஒரே பரமங்கனேற்றுக் கரைசலால் நியமித்தால், செலவான கனவளவு V பேரொட்சைட்டின் செறிவுக்கு நேர்விகிதம். அதாவது [A] = பV, இங்கே ப என்பது ஏதோ ஒரு மாறிலி. இனி மடக்கை எடுத்துப் பாருங்கள்: ln[A] = ln ப + ln V. அந்த ln ப ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே அளவாகக் கூடி நிற்கிறது, அதனால் கோடு முழுவதும் மேலேயோ கீழேயோ தள்ளிப்போகுமே தவிர சாய்வு ஒரு துளியும் மாறாது. ஆகவே அளவியில் வாசித்த V ஐயே நேராக மடக்கை எடுத்து வரைந்தால் போதும். பரமங்கனேற்றின் சரியான செறிவு தெரியாவிட்டாலும் k சரியாக வரும்.

இது முதலாம் வரிசைக்கே உரிய வசதி. இரண்டாம் வரிசையில் 1/[A] ஐ வரைய வேண்டும், அங்கே ப படித்திறனைப் பெருக்கிக்கொண்டு நிற்கும், உண்மையான செறிவு தெரியாமல் k கிடைக்காது. 1850 இல் வில்ஹெல்மி என்ற ஜெர்மனியர் சீனிக் கரைசல் அமிலத்தில் பிரியும் வேகத்தை முதன்முதலாக அளந்தபோதும் சீனியின் செறிவை நேரடியாக அளக்கவில்லை. கரைசல் முனைவாக்கிய ஒளியை எத்தனை பாகை திருப்புகிறது என்று பார்த்தே முடிவுக்கு வந்தார்.

நேரத்துக்கும் இதே மாதிரி ஒரு சலுகை உண்டு. ஊக்கியை ஊற்றிய அந்தக் கணம்தான் t = 0 ஆக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கலந்து ஒரு நிமிடம் கழித்து எடுத்த முதல் மாதிரியை t = 0 என்று வைத்தாலும் கோடு பக்கவாட்டில் நகரும், சாய்வு அப்படியே இருக்கும். கலக்கி முடிக்கும் பதற்றத்தில் மணிக்கூட்டை அமுக்க மறந்துபோகிறவர்கள் கரைசலைக் கொட்டிவிடத் தேவையில்லை.

செய்யும் முறை

பாமசியில் கிடைப்பது பெரும்பாலும் 3% அல்லது 6%, லேபலைப் பார்த்துக்கொள்ளுங்கள். 3% என்றால் செறிவு ஏறத்தாழ 0.88 mol dm⁻³. அதில் 14 மில்லிலீற்றரை எடுத்து, நீர் சேர்த்து 95 மில்லிலீற்றர் ஆக்குங்கள். பிறகு ஊக்கிக் கரைசல் 5 மில்லிலீற்றர் சேர்த்தால் மொத்தம் 100, பேரொட்சைட்டு சுமார் 0.12 mol dm⁻³. ஊக்கிக்கு அமோனியம் இரும்பு(III) சல்பேற்று நல்லது. இரும்புக் குளோரைட்டும் வேலை செய்யும், ஆனால் குளோரைட்டு அயன் பரமங்கனேற்றைக் கொஞ்சம் தின்னக்கூடும், தவிர்க்க முடிந்ததைத் தவிர்ப்போமே. ஊக்கிக் கரைசலில் ஐதான சல்பூரிக்கமிலம் சில துளி இருக்கட்டும், இல்லாவிட்டால் இரும்பு ஐதரொட்சைட்டாகி மங்கலாக வந்துவிடும். அமிலம் கூடினால் தாக்கம் மெதுவாகும் என்பதால் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கைத் துளிகளைச் சேருங்கள்.

ஊக்கி எவ்வளவு செறிவாக இருக்க வேண்டும் என்பதை ஒரு வெள்ளோட்டம் விட்டுத் தீர்மானியுங்கள். பேரொட்சைட்டு பாதியாகக் குறைய 10 முதல் 20 நிமிடம் எடுக்க வேண்டும், அதுதான் வசதியான வேகம். குளிர் ஊர்களில் கொழும்பு அட்டவணையில் உள்ள அதே அளவு ஊக்கியைப் போட்டுவிட்டு, அரை மணி நேரமாகியும் அளவி வாசிப்பு அசையவில்லை என்று கவலைப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். கரைசலில் பிழை எதுவும் இல்லை, குளிர்தான். ஊக்கியைக் கூட்டுங்கள்.

கலவைக் குடுவையை ஒரு பெரிய பேசின் நீரில் வைத்துவிடுங்கள். இந்தப் பேசினை அலட்சியம் பண்ண வேண்டாம், ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கலப்பதற்கு முன்பே ஏழு கூம்புக்குடுவைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஐதான சல்பூரிக்கமிலம் 20 மில்லிலீற்றரும் முடிந்தவரை குளிர்ந்த நீர் 50 மில்லிலீற்றரும் ஊற்றி வையுங்கள். மாதிரியை இதற்குள் விட்டதும் மூன்று காரியம் ஒன்றாக நடக்கிறது: ஐதாகிறது, குளிர்கிறது, அமிலம் கூடுவதால் இரும்பின் ஊக்கல் அடங்குகிறது. தாக்கம் கிட்டத்தட்ட நின்றுவிடும். "கிட்டத்தட்ட" என்பதைக் கவனியுங்கள், முழுதாக நிற்காது, அதனால் எடுத்த வரிசையிலேயே தாமதிக்காமல் நியமித்துவிட வேண்டும், கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யலாம் என்று வைக்கக்கூடாது.

ஊக்கியை ஊற்றி, கலக்கி, குழாயியால் 5 மில்லிலீற்றர் எடுத்து முதல் குடுவைக்குள் விடுங்கள். குழாயி பாதி காலியாகும் கணத்தைத்தான் மாதிரியின் நேரமாகக் குறிக்க வேண்டும். எல்லா மாதிரிக்கும் அதே பழக்கத்தைப் பின்பற்றினால் போதும். குழாயிக்குள் ஒட்சிசன் குமிழ்கள் ஏறுவது இந்தப் பரிசோதனையின் பெரிய தலைவலி. உறிஞ்சும்போது குமிழ் வந்தால் அந்த 5 மில்லிலீற்றர் 5 மில்லிலீற்றர் இல்லை. குடுவையை மெதுவாகச் சுழற்றிக் குமிழ்களை வெளியேற்றிவிட்டு, குழாயியின் நுனியை நன்றாக அமிழ்த்தி மெல்ல எடுங்கள்.

நியமிக்கும்போது முதல் சில துளிகளின் ஊதா நிறம் உடனே போகாது, குளிரில் இன்னும் சுணங்கும். முடிவுப்புள்ளி வந்துவிட்டது என்று அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். உண்டாகும் மங்கனீசு(II) அயனே இந்தத் தாக்கத்தை ஊக்குவிப்பதால், கொஞ்சம் பொறுத்து ஆட்டினால் நிறம் போய், அதன் பிறகு துளிகள் விழ விழ மறையும். மெல்லிய இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் அதுதான் முடிவு. கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், பரமங்கனேற்று பட்ட சட்டை பழுப்பாகிவிடும்.

எண்களும் கோடும்

கணக்கைக் காட்டுவதற்காக ஒரு தொகுதி எண்களை எடுத்துக்கொள்கிறேன். பரமங்கனேற்று 0.010 mol dm⁻³, மாதிரி 5 மில்லிலீற்றர். t நிமிடத்தில், V மில்லிலீற்றரில்.

```
t      V      ln V
0     24.0    3.178
5     19.2    2.955
10    15.3    2.728
15    12.2    2.501
20     9.8    2.282
30     6.2    1.825
40     4.0    1.386
```

கோடு வரைவதற்கு முன் மூன்றாம் நிரலை மேலிருந்து கீழே வாசித்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு 0.223, 0.227, 0.227, 0.219 என்று இறங்குகிறது. பிந்திய பத்து நிமிட இடைவெளிகளில் 0.457, 0.439, அதாவது ஐந்து நிமிடத்துக்கு 0.229, 0.220. இறக்கம் கூடிக்கொண்டே போகவும் இல்லை, குறைந்துகொண்டே போகவும் இல்லை. மேலும் கீழுமாகச் சிதறுகிறது, அவ்வளவுதான். நல்ல அடையாளம்.

வரைபுத்தாளில் x அச்சு t/min, y அச்சு ln(V/cm³). அலகோடு பிரித்து எழுதுவது அலங்காரத்துக்காக அல்ல, அலகுள்ள ஒன்றுக்கு மடக்கை எடுக்க முடியாது, வெறும் எண்ணுக்குத்தான் எடுக்கலாம். y அச்சைப் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை, 1.2 இலிருந்து 3.4 வரை வைத்தால் தாள் நிறையும். புள்ளிகளுக்கு நடுவால் போகும்படி அடிமட்டத்தை வைத்து ஒரே கோடு. முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் இணைத்துவிட்டு நடுவில் உள்ளவற்றை மறந்துவிடுவது கோடு வரைவது ஆகாது.

படித்திறனை எடுக்கும்போது அட்டவணைப் புள்ளிகளை எடுக்காமல், வரைந்த கோட்டின் மேலேயே தூரமாக இரண்டு இடங்களைத் தெரிவுசெய்யுங்கள். இந்தக் கோட்டில் t = 5 இல் 2.95, t = 35 இல் 1.60.

```
படித்திறன் = (1.60 - 2.95) / (35 - 5) = -0.045 min⁻¹
k = 0.045 min⁻¹ = 7.5 × 10⁻⁴ s⁻¹
t½ = 0.693 / 0.045 = 15.4 min
```

அட்டவணைக்குத் திரும்பி ஒரு பார்வை: 24 பாதியாகி 12 ஆவது பதினைந்து நிமிடம் கடந்ததும்தான். பொருந்துகிறது. ln க்குப் பதிலாகக் கணிப்பானில் log பொத்தானை அமுக்கியிருந்தால் கோடு நேராகவேதான் வந்திருக்கும், ஆனால் படித்திறன் −0.0195. அதை 2.303 ஆல் பெருக்கினால்தான் −0.045. கோட்டின் தோற்றத்தைப் பார்த்து இந்தப் பிழையைப் பிடிக்கவே முடியாது, அரைவாழ்வுக் காலத்தை அட்டவணையோடு ஒப்பிட்டால் பிடித்துவிடலாம்: 0.693 ஐ 0.0195 ஆல் பிரித்தால் 35 நிமிடம் என்று வரும், அட்டவணையோ 15 என்கிறது.

தொடக்கச் செறிவும் வேண்டுமென்றால் வெட்டுத்துண்டு 3.178, அதாவது V₀ = 24.0 மில்லிலீற்றர். பரமங்கனேற்று 0.24 மில்லிமூல், பேரொட்சைட்டு அதன் இரண்டரை மடங்கு 0.60 மில்லிமூல், 5 மில்லிலீற்றரில் அது இருந்ததால் 0.12 mol dm⁻³. இந்த ஒரு இடத்துக்கு மட்டும்தான் பரமங்கனேற்றின் செறிவு தேவைப்பட்டது.

நேராக இருக்கிறது, நம்பலாமா?

மேலே உள்ள அட்டவணையில் முதல் மூன்று புள்ளிகளை மட்டும் எடுத்து, மடக்கை எடுக்காமல் V ஐயே t க்கு எதிராக வரைந்து பாருங்கள். 24.0, 19.2, 15.3. சிறிய தாளில் அதுவும் ஏறத்தாழ நேர்கோடாகத்தான் தெரியும். 1/V ஐ வரைந்தாலும் அப்படித்தான். குறுகிய தூரத்தில் எந்த வளைகோடும் நேராகத் தெரியும். பத்து நிமிடத்தோடு நிறுத்தியவர் பூச்சிய வரிசை, முதலாம் வரிசை, இரண்டாம் வரிசை என்று எதையும் "நிரூபித்து"விடலாம்.

நாற்பது நிமிடம் வரை போனதும் வேறுபாடு வெளியே வருகிறது. 1/V இன் ஏற்றத்தை ஐந்து நிமிடத்துக்கு எத்தனை என்று கணித்தால் தொடக்கத்தில் 0.010, கடைசியில் 0.044. நான்கு மடங்குக்கு மேல். ln V இன் இறக்கமோ 0.22 இலேயே நிற்கிறது. அதனால் குறைந்தது இரண்டு அரைவாழ்வுக் காலத்துக்காவது, முடிந்தால் மூன்றுக்கு, மாதிரி எடுக்காமல் வரிசையைப் பற்றிப் பேசக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் இன்னும் இன்னும் நீட்டிக்கொண்டே போகலாமா? அதற்கும் எல்லை உண்டு. அளவி வாசிப்பில் 0.1 மில்லிலீற்றர் வழு இருந்தால் ln V இல் வரும் வழு ஏறத்தாழ 0.1/V. V = 24 ஆக இருக்கும்போது அது 0.004, தாளில் தெரியவே தெரியாது. 75 நிமிடத்தில் V சுமார் 0.8 தான், வழு 0.12 ஆகிவிடுகிறது. அதே கை, அதே அளவி, ஆனால் மடக்கை சின்ன எண்களின் தடுமாற்றத்தைப் பெருப்பித்துக் காட்டுகிறது. ஆகவே வாலில் உள்ள புள்ளிகள் அங்குமிங்கும் தாவினால் கோட்டை அவற்றின் பக்கம் இழுக்காமல், மேலே உள்ள புள்ளிகளுக்கு அதிக மதிப்புக் கொடுங்கள்.

சிதறுவது வேறு, ஒரே பக்கமாக வளைவது வேறு. வளைந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது, தேடித்தான் ஆக வேண்டும்.

கோடு கீழ்நோக்கி, போகப்போகச் செங்குத்தாக வளைந்தால் k கூடிக்கொண்டு போகிறது என்று அர்த்தம், முதல் சந்தேகம் வெப்பநிலை. எங்கள் பக்கம் காலை எட்டு மணிக்கு மூடுபனியோடு இருக்கும் ஆய்வுகூடத்தில் பத்து மணிக்கு யன்னலால் வெயில் விழும். ஏவற்சக்தி 50 kJ mol⁻¹ உள்ள ஒரு தாக்கத்துக்கு 15 பாகையிலிருந்து 25 பாகைக்கு ஏறினால் k இருமடங்காகும். போதாக்குறைக்கு இது புறவெப்பத் தாக்கம், ஒரு மூல் பேரொட்சைட்டு பிரிந்தால் சுமார் 98 kJ வெளிவருகிறது. 0.12 mol dm⁻³ கரைசல் அந்த வெப்பத்தை வெளியே விடாமல் வைத்திருந்தால் தானாகவே 3 பாகைக்குச் சற்றுக் குறைவாகச் சூடாகும். ஐதாக்காத 3% கரைசலில் செய்தால் 20 பாகை! ஐதாக்கச் சொன்னதும் பேசின் நீரில் வைக்கச் சொன்னதும் இதற்காகத்தான். பேசினில் ஒரு வெப்பமானியை விட்டுவைத்து, ஒவ்வொரு மாதிரியின் நேரத்துக்குப் பக்கத்தில் வெப்பநிலையையும் எழுதிக்கொள்ளுங்கள். வெப்பநிலை எழுதாத k ஆல் யாருக்கும் பயனில்லை.

கோடு மேல்நோக்கி வளைந்து, வால் தட்டையாகிக்கொண்டு போனால் இரண்டாம் வரிசை என்று அவசரப்பட வேண்டாம். ஒவ்வொரு வாசிப்பிலும் ஒரே அளவான ஏதோ ஒன்று கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கலாம். பாமசிப் போத்தலில் பேரொட்சைட்டு கெடாமலிருக்கச் சேர்க்கும் சேதனப் பொருளும் பரமங்கனேற்றைக் கொஞ்சம் செலவழிக்கக்கூடும். அது 0.3 மில்லிலீற்றர் என்று வையுங்கள். தொடக்கத்தில் 24.0 க்குப் பதில் 24.3, மடக்கையில் மாற்றம் 0.012, ஒன்றும் தெரியாது. 60 நிமிடத்தில் 1.61 க்குப் பதில் 1.91, மடக்கை 0.48 இலிருந்து 0.65 க்கு ஏறிவிடுகிறது. பெருக்கும் மாறிலி சாய்வை ஒன்றும் செய்யாது, கூட்டும் மாறிலியோ கோட்டையே வளைத்துவிடும். இதைப் பிடிக்க வழி எளிது: கலவையில் கொஞ்சத்தை மூடாமல் அடுத்த நாள் வரை வைத்து, பேரொட்சைட்டு முழுக்கப் பிரிந்த பிறகு அதே 5 மில்லிலீற்றரை நியமியுங்கள். அப்போதும் செலவாகும் கனவளவை எல்லா V இலிருந்தும் கழித்துவிட்டுத் திரும்ப வரைந்து பாருங்கள். கோடு நிமிர்ந்தால் குற்றவாளி அகப்பட்டது. அப்போதும் வளைந்தே நின்றால், வரிசையைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் அதுதான்.

வாயுவை அளந்தால்: உயரம் கணக்கைக் கெடுக்குமா?

நியமிப்புக்கு வசதியில்லாத இடங்களில் வெளிவரும் ஒட்சிசனை வாயுச் சிரிஞ்சில் பிடித்து அளப்பார்கள். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர், அங்கே வளிமண்டல அமுக்கம் சுமார் 81 kPa தான். 0.12 mol dm⁻³ கலவையில் 50 மில்லிலீற்றர் முழுக்கப் பிரிந்தால், 20 பாகையில், கடல் மட்டத்தில் 72 மில்லிலீற்றர் வாயு, நுவரெலியாவில் 90. (100 மில்லிலீற்றர்ச் சிரிஞ்சுக்குள் அடங்கும், அதற்கு மேல் கலவை எடுக்காதீர்கள்.) வாசிப்புகள் கொழும்புப் பிள்ளைகளுடையதை விடக் கால்வாசி கூட வந்தால் பயப்பட வேண்டாம்.

ஏனென்றால் k க்கு இது ஒன்றும் செய்யாது. இங்கே V என்பது அதுவரை வந்த வாயுவின் கனவளவு, V∞ தாக்கம் முழுக்க முடிந்த பிறகு இருக்கும் மொத்தக் கனவளவு. மீதியான பேரொட்சைட்டு இனி வரப்போகும் வாயுவுக்கு நேர்விகிதம், அதாவது V∞ − V. வரைய வேண்டியது

```
ln(V∞ - V) = ln V∞ - kt
```

அமுக்கம் குறைவதால் V உம் V∞ உம் ஒரே விகிதத்தில் பெருகுகின்றன, மேலே பார்த்த பெருக்கும் மாறிலிதான் இது, சாய்வில் படாது.

உண்மையான ஆபத்து V∞ இல் இருக்கிறது. தாக்கம் முடிவதற்கு முன்பே "இனி வராது" என்று வாசித்துவிட்டால் V∞ குறைந்துபோய், ஒவ்வொரு மீதியிலிருந்தும் ஒரே அளவு கழிகிறது, வால் கீழ்நோக்கிக் கவிழ்கிறது. கூட்டிக் கழிக்கும் மாறிலியின் அதே வேலை, இம்முறை எதிர்ப்பக்கம். மணிக்கணக்காகக் காத்திருந்தாலோ அறை சூடாகி வாயு விரிந்துவிடும், சிரிஞ்சு கசிந்தாலும் தெரியாது.

V∞ ஐயே தவிர்க்க ஒரு வழியை 1926 இல் குகன்ஹைம் காட்டினார். ஒரு நிலையான இடைவெளி Δ ஐத் தெரிவுசெய்து, t இலும் t + Δ இலும் வாசித்து, இரண்டின் வித்தியாசத்தின் மடக்கையை வரைவது. V = V∞(1 − e⁻ᵏᵗ) என்பதை இரண்டு நேரத்துக்கும் எழுதிக் கழித்தால் V∞ பெருக்கும் மாறிலியாகிவிடுகிறது:

```
V(t+Δ) - V(t) = V∞ (1 - e^(-kΔ)) e^(-kt)
```

Δ இரண்டு அல்லது மூன்று அரைவாழ்வுக் காலமாக இருப்பது நல்லது, இடைவெளி சிறியதானால் வித்தியாசமும் சிறியதாகி வழு பெருத்துவிடும். நுவரெலியா எண்களோடு, Δ = 40 நிமிடம் என்று வைத்து:

```
t     V(t)    V(t+40)   வித்தியாசம்   ln
0      0.0     75.1       75.1        4.32
10    32.6     80.5       47.9        3.87
20    53.4     84.0       30.6        3.42
```

பத்து நிமிடத்துக்கு 0.45 இறக்கம், k = 0.045 min⁻¹. நியமிப்பில் வந்த அதே எண், கடைசி வாசிப்புக்காக யாரும் காத்திருக்காமலேயே.